மன்னிப்பு என்று சொல்லி நீங்கள் கேட்டது எதை?

எங்கள் ஊர்க் கோயில் கொடைக் குழுப் பெரியவர்களுக்கும், வழக்கை முடித்துக்கொள்ளச் சொல்லி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த அத்தனை பேருக்கும்,

வணக்கம். இந்த ஆண்டும் எங்கள் வீட்டுக் கோயில் வரி திரும்பி வந்துவிட்டது. தம்பி கொண்டுபோன பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல், "மன்னிக்கத் தெரியாத வீட்டுக் காசு அம்மனுக்கு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நேரில் வந்து பேச நினைத்தேன். பேச ஆரம்பித்தால் நான்கு பேர் குறுக்கே பேசுவீர்கள், நானும் அழுதுவிடுவேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன், ஏனென்றால் கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் அதைச் சொல்லும் விதம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2017 ஜனவரி. மழை பொய்த்து, கிணறுகள் அடிமட்டத்துக்குப் போயிருந்த நேரம். கால்வாயில் கசிந்த தண்ணீருக்கு முறை வைத்திருந்தோம். அன்று எங்கள் முறை. விடியும் நேரத்தில் அப்பாவும் நானும் வயலுக்குப் போனபோது மடை எங்கள் பக்கம் அடைக்கப்பட்டுச் சித்தப்பா வயலுக்குத் திறந்திருந்தது. சித்தப்பா என்று நான் கூப்பிட்டு வளர்ந்தவர், அப்பாவின் சித்தப்பா மகன். அப்பா குனிந்து மண்ணைத் தள்ளினார். சித்தப்பா அரிவாளை ஓங்கினார். அப்பா தடுக்கத் தூக்கிய இடது கையில் வெட்டு இறங்கியது. முன்கை எலும்பு உடைந்தது, நரம்பும் அறுந்தது. இன்றும் அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. சோறு பிசைவது வலது கையால்தான். ஆனால் வேட்டியை இறுக்கிக் கட்ட இரண்டு கையும் வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மாதான் கட்டிவிடுகிறார்.

வழக்குப் பதிவாகிச் சில மாதங்களில் நீங்கள் வந்தீர்கள். வெற்றிலை பாக்கு, பழம், தட்டில் மருத்துவச் செலவுக்கென்று இரண்டு லட்சம் ரூபாய். சித்தப்பா வரவில்லை. அவர் வெளிநாடு திரும்ப வேண்டும், பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும், வழக்கு நிலுவையில் இருப்பது தடையாக இருக்கிறது என்றீர்கள். "ஒரே ரத்தம், மன்னித்துவிடு" என்றீர்கள். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, நான் அவனை மன்னித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொல்லவும் செய்கிறேன். சம்மதமா?"

திண்ணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் கேட்டது மன்னிப்பாக இருந்திருந்தால் அப்பாவின் பேச்சிலேயே அது உங்களுக்குக் கிடைத்திருக்கும். மன்னிப்பது மனதுக்குள் நடப்பது. பகையை வளர்க்காமல் விடுவது, எதிரே வந்தால் முகம் திருப்பாமல் இருப்பது, அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்காமல் இருப்பது. இதில் எதற்கும் சாட்சி சொல்லாமல் இருப்பது தேவையில்லை. உங்களுக்கு வேண்டியிருந்தது அப்பாவின் மனம் அல்ல, அவருடைய வாக்குமூலம்.

நான் வழக்கறிஞர் அல்ல. வாய்தா வாய்தாவாக நான்கு ஆண்டுகள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சட்டம் மன்னிப்புக்கு இடமே தரவில்லை என்பது சரியல்ல. எந்தக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் தானே சமாதானம் செய்து வழக்கை முடிக்கலாம் என்று பட்டியலே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 320ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 359ஆம் பிரிவு. ஒருவர் கன்னத்தில் அறைந்தார், சிறு காயம் என்றால், அறை வாங்கியவர் நீதிமன்றத்தின் அனுமதிகூட இல்லாமல் சமாதானம் செய்யலாம். கையால் அடித்து எலும்பு முறிந்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு செய்யலாம். அரிவாள் போன்ற ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவது, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 326ஆம் பிரிவு, அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். பட்டியலில் உள்ள குற்றங்களிலும் சமாதானம் செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. ஊர்ப் பெரியவருக்கோ குடும்பத் தலைவருக்கோ அது தரப்படவில்லை. யாருக்கு வலித்ததோ அவர்தான் விட்டுக்கொடுக்கலாம் என்பது எழுதப்பட்ட சட்டத்திலேயே இருக்கிறது.

பட்டியலுக்கு வெளியே உள்ள வழக்கை "முடித்துக்கொள்" என்று ஒருவரிடம் சொன்னால் அதற்கு நடைமுறையில் என்ன பொருள்? நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அப்பா அரசுத் தரப்பு முதல் சாட்சி, நான் இரண்டாவது சாட்சி. கூண்டில் ஏறி, கடவுள் அறியச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, "விடியற்காலை இருட்டு, வெட்டியது யார் என்று தெரியவில்லை. போலீசார் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். உடனே அரசு வழக்கறிஞர் எங்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, எங்களையே குறுக்கு விசாரணை செய்வார். போலீசாரிடம் நாங்கள் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி "இப்படிச் சொன்னீர்களா" என்று கேட்பார். "இல்லை" என்று சொல்ல வேண்டும். போலீசாரிடம் சொன்னது மட்டும் சாட்சியமாக நிற்காது என்பதால் வழக்கு விழுந்துவிடும்.

ஆனால் ஒரு தாள் விழாது. அன்று காலை அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர், கையில் கட்டுப் போடும் முன்னே அப்பாவிடம் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதினார்: தெரிந்த நபர் ஒருவர், அரிவாளால், வயலில். அப்பா ரத்தம் போய்க்கொண்டிருந்தபோது சொன்னது. நீங்கள் சொன்னபடி செய்திருந்தால், அந்தப் பதிவேட்டுக்கும் கூண்டில் சொன்னதற்கும் இடையில் பொய்யராக நின்றிருக்க வேண்டியவர் வெட்டு வாங்கியவர். சத்தியம் செய்து பொய் சொன்னதற்காக ஏழு ஆண்டு வரை தண்டிக்கப்படக்கூடியவரும் அவர்தான்.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மன்னிக்க வேண்டுமானால் முதலில் குற்றம் நடந்திருக்க வேண்டும். நடக்காததை யாரும் மன்னிக்க முடியாது. நீங்கள் கேட்ட "மன்னிப்பில்" வெட்டே நடக்கவில்லை, அரிவாள் இல்லை, சித்தப்பா அந்த வயலிலேயே இல்லை. அப்பாவின் கை மட்டும் தானாகவே உடைந்துகொண்டது. ஒரு மனிதன் தனக்கு நேர்ந்த அநியாயத்தைத் தன் வாயாலேயே "நேரவில்லை" என்று சத்தியம் செய்வதைவிடப் பெரிய அவமானம் இருக்கிறதா? வெட்டு கையோடு நின்றது. இது அவரை முழுவதுமாக வெட்டியிருக்கும்.

பொய் சொல்லாமல் சமரசம் செய்யவும் ஒரு வழி இருந்தது. எங்கள் வழக்கறிஞர்தான் சொன்னார். இரு தரப்பும் உண்மையாகவே சமாதானமாகிவிட்டால், உயர் நீதிமன்றத்தில் அதைச் சொல்லி வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களில் அது நடக்காது. மற்றவற்றில் காயத்தின் தன்மை, ஆயுதம், சமரசம் மனமொப்பி வந்ததா என்பதையெல்லாம் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். கிடைக்கும் என்று உறுதி இல்லை. அப்பா அதற்குச் சம்மதித்தார் என்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கும். ஒரே நிபந்தனை வைத்தார்: "அவன் வந்து, 'அண்ணா, நான் வெட்டினேன், தப்பு' என்று இந்த முற்றத்தில் நின்று சொல்லட்டும்." பணம் வேண்டாம் என்றும் சொன்னார். மறுநாள் பதில் வந்தது: "அப்படிச் சொன்னால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே."

ஆமாம், ஒத்துக்கொண்டதாகத்தான் ஆகும். அதுதான் தேவைப்பட்டது.

உங்கள் பேச்சில் ஒன்றை நான் அன்றே கவனித்தேன். இத்தனை முறை வந்து பேசியும் "அவன் வெட்டினான்" என்ற வாக்கியத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. "கை நீண்டுவிட்டது" என்றார் ஒருவர். "வெட்டுப்பட்டுவிட்டது" என்றார் இன்னொருவர். "நேரம் சரியில்லை", "நடந்தது நடந்துவிட்டது" என்றார்கள் மற்றவர்கள். கை நீண்டது, நேரம் செய்தது, எதுவோ நடந்தது. செய்தவர் மட்டும் வாக்கியத்தில் இல்லை. ஆனால் எங்களிடம் பேசும்போது எழுவாய் தவறாமல் வந்தது: "நீ மன்னி", "நீ விட்டுக்கொடு", "நீ பிடிவாதம் பிடிக்கிறாய்".

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு பதில் சொல்ல வேண்டும். அவரிடம் படித்தவள் நான். "இருபத்தேழு ஆண்டு சிறையில் இருந்த மண்டேலாவே மன்னித்தார், உங்களால் முடியாதா?" என்று கேட்டார். அதற்காகவே தென்னாப்பிரிக்காவில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன், ஐயா. நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1995இல் சட்டம் இயற்றி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். குற்றம் செய்தவர்களுக்குப் பொது மன்னிப்பு உண்டு. ஆனால் சும்மா இல்லை. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றமாக இருக்க வேண்டும். செய்ததை முழுவதுமாக, ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். மன்னிப்புக் கிடைத்தது 849 பேருக்கு. பாதிக்கப்பட்டவர்கள் மன்னித்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார், குற்றவாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்தும் எங்கள் உரிமையை அரசு எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 1996இல் தோற்றார்கள்தான். ஆனால் அவர்களை யாரும் கோயில் வரியிலிருந்து தள்ளிவைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். பிகோ 1977 செப்டம்பரில் போலீஸ் காவலில் தலையில் அடிபட்டு இறந்தவர். அவரை விசாரித்த போலீசார் பொது மன்னிப்புக் கேட்டு வந்தபோது, தள்ளுமுள்ளில் அவர் தலை சுவரில் மோதிவிட்டது என்றார்கள். 1999இல் அவர்களுக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. குற்றமே செய்யவில்லை என்பவனுக்கு எதற்கு மன்னிப்பு? "தலை மோதிவிட்டது" என்பதைப் படித்தபோது எனக்கு "கை நீண்டுவிட்டது" என்பதுதான் காதில் விழுந்தது, ஐயா. நீங்கள் எடுத்துக்காட்டிய ஊரிலும் மன்னிப்புக்கு விலை உண்மைதான்.

குறளும் சொன்னீர்கள். "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று." எனக்கும் பிடித்த குறள். ஆனால் பரிமேலழகர் அதற்கு உரை எழுதும்போது, ஒறுக்க இயன்ற காலத்தும் பொறுக்க என்று பொருள் கொள்கிறார். திருப்பித் தண்டிக்கும் வலிமை உள்ளவன் அதைச் செய்யாமல் விடுவதுதான் பொறை. கையை உயர்த்தவும் முடியாதவனைச் சுற்றி ஊரே உட்கார்ந்து, தலையாட்டும் வரை எழுந்திருக்காமல் இருந்து வாங்குவது பொறையாகாது. அந்தக் குறள் இருப்பது இல்லறத்தானுக்குச் சொல்லும் பகுதியில். அரசனுக்குச் சொல்லும் இடத்துக்கு வரும்போது அதே வள்ளுவர் "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்கிறார். நீங்களும் விவசாயிகள்தானே. களையை மன்னித்து எந்த வயலில் நெல் எடுத்தீர்கள்? கண்ணோட்டம், அதாவது இரக்கம், வேண்டும் என்று அரசனுக்குச் சொல்லும்போதும் "கருமம் சிதையாமல் கண்ணோட" என்றுதான் சொல்கிறார். அப்பா பொறுக்கலாம். நீதிமன்றம் தன் கருமத்தைச் செய்ய வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆட்களின் வேலை. நீங்கள் அப்பாவின் பொறையைக் கொண்டு நீதிமன்றத்தின் வாயை அடைக்கப் பார்த்தீர்கள்.

மன்னிப்பது கடமை என்கிறீர்கள். கடமை என்றால் கடன். அப்பா யாரிடம் எதை வாங்கினார், இதைத் திருப்பித் தர? வெட்டியவர் செலுத்த வேண்டியது எத்தனையோ இருக்கிறது: ஓர் ஒப்புதல், ஒரு வருத்தம், இழந்த கூலி, மடங்காத இரண்டு விரல். அவற்றில் எதையும் அவரிடம் கேட்காமல், வெட்டுப்பட்டவர் வாசலில் வந்து நின்று "உன் பாக்கி என்ன ஆயிற்று" என்று கேட்டீர்கள். மன்னிப்பு பெரிய குணம், நான் மறுக்கவில்லை. அது கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் கொடை. தராவிட்டால் தள்ளிவைப்போம் என்று வாங்கினால் அதற்குப் பெயர் வரி.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடமாட்டேன். நம் பக்கத்தில் ஒரு வெட்டு இன்னொரு வெட்டை இழுத்துக்கொண்டு வரும். பழிக்குப் பழி என்று இரண்டு தலைமுறை அழிந்த குடும்பங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தில்தான் சிலர் வந்தீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் என் தம்பி அந்த வாரம் இரவில் தூங்காமல் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனை நிறுத்தியது எது என்று உங்களுக்குத் தெரியாது. "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பா சொன்ன ஒரே வார்த்தை. அந்தக் கதவையும் நீங்கள் சாத்தச் சொன்னீர்கள். நாங்கள் பொய் சாட்சி சொல்லி, சித்தப்பா சிரித்துக்கொண்டே படியிறங்கியிருந்தால், அவனிடம் நான் எதைச் சொல்லி நிறுத்தியிருப்பேன்?

எனக்கும் தடுமாற்றம் வந்தது. சம்மன் வந்த மாதத்தில் எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டுப் படி ஏறிய பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள். "நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிடட்டுமா அப்பா?" என்று கேட்டேன். "நீ பார்த்தாயா?" என்றார். "பார்த்தேன்." "பிறகு எதற்கு என்னைக் கேட்கிறாய்?" அவ்வளவுதான். திட்டவில்லை. 2021இல் கூண்டில் ஏறினேன். கால் நடுங்கியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வெளிச்சம் எவ்வளவு, தூரம் எத்தனை அடி, மடையின் எந்தப் பக்கம் நின்றாய் என்று ஒரு மணி நேரம் கேட்டார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். சித்தப்பாவைக் கைகாட்டச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். வெறுப்பு வரவில்லை. சின்ன வயதில் திருவிழாவில் என்னைத் தோளில் தூக்கிப்போனவர்தானே என்றுதான் நினைத்தேன். கை மட்டும் நீண்டது, இந்த முறை என் கை, அதை நீட்டியது நான்தான்.

மூன்று ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் குற்றம் உறுதியாகி, தண்டனை ஓராண்டாகக் குறைந்தது. குறைத்த தண்டனை போதாது என்று எதிர்த்து மனுப்போட வழக்கறிஞர் யோசனை சொன்னார். "வேண்டாம், நடந்தது நடந்ததுதான் என்று எழுதிவிட்டார்கள், போதும்" என்றார் அப்பா.

சித்தப்பா சிறையில் இருந்தபோது அவருடைய அம்மா, அப்பாவின் சித்தி, இறந்துபோனார். பகை வீடு, போக மாட்டார்கள் என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்பா அம்மாவிடம் வேட்டியைக் கட்டிவிடச் சொல்லி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சுடுகாடு வரை நடந்தார். மகன் பரோலில் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லி, எடுக்க அவசரப்பட்டவர்களைத் தடுத்தவரும் அவர்தான். அதை நீங்கள் பார்த்தீர்கள். அதன் பிறகும் எங்களை மன்னிக்கத் தெரியாத வீடு என்கிறீர்கள். அப்பா மன்னித்துவிட்டாரா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அது அவருடையது. நான் இன்னும் மன்னிக்கவில்லை. சித்தப்பா வந்து சொன்னால் அன்று யோசிப்பேன். சொல்லாவிட்டால் இப்படியே இருப்பேன், அவருக்கு ஒரு தீங்கும் நினைக்காமல்.

சாட்சி சொன்னதற்காக ஒரு குடும்பத்தைக் கோயிலிலிருந்து விலக்கிவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதைப் புகாராக எழுதிக் கொடுக்கத் தம்பி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான்தான் இந்தக் கடிதத்தை எழுதிப் பார்க்கிறேன் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை காலை அவன் மறுபடியும் வரிப் பணத்தோடு வருவான். வாங்கிக்கொண்டு, மற்ற வீடுகளுக்குக் கொடுப்பதுபோலவே அப்பா பெயர் எழுதி ரசீது கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மடைக்கு மேற்கே உள்ள வீட்டின் மகள்